ஏழு மார்க்கில் நாலாவது

நான் யாருடைய விடைத்தாளையும் திருத்தவில்லை, யாருடைய மார்க்கையும் குறைக்கவில்லை. எக்செல் ஷீட்டில் ஒரே ஒரு பத்தியில் இருந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு இன்னொரு சொல்லைத் தட்டினேன். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தட்டி முடித்ததும் நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. டீயோடு ஒரு சமோசாவும் சாப்பிட்டேன்.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் புள்ளியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் ஆராய்ச்சி செய்தால் அதில் கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வீடு ஆம்பூரில். காலையில் ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பாலாறு பாலத்தைத் தாண்டி பஸ். வருஷத்துக்கு ஒரு முறை, மருத்துவமனையில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களுக்காக ஒரு சான்றிதழ் வகுப்பு எடுப்பேன். மருத்துவப் புள்ளியியல், நாலு மாசம், வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணி. நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், ரெக்கார்ட் செக்ஷன் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு இருப்பவர்கள். புஸ்தகத்தைத் தொட்டுப் பத்து வருஷம் ஆனவர்கள். பாதிப் பேர் கணக்குக்குப் பயந்துதான் இந்த வேலைக்கே வந்தோம் என்று சொல்வார்கள்.

மார்க் போடும் முறை எளிது. ஏழு க்விஸ், ஒவ்வொன்றும் இருபது மார்க். அவற்றின் சராசரிக்கு நாற்பது. கடைசித் தேர்வு நூறு மார்க்குக்கு, அதை அறுபதுக்குக் குறைத்துச் சேர்ப்பேன். மொத்தம் நூறுக்கு அறுபது எடுத்தால் சான்றிதழ், அதற்குக் கீழே என்றால் அடுத்த வருஷம் மறுபடி. வகுப்பு தொடங்கும்போது கொடுக்கிற தாளில் "க்விஸ்களின் சராசரி" என்றுதான் போட்டிருந்தேன். எந்தச் சராசரி என்று போடவில்லை. யாருக்கு அந்தச் சந்தேகம் வரப்போகிறது? சராசரி என்றால் கூட்டி வகுப்பது. ஊர் உலகத்துக்கே அது தெரியும்.

எனக்கு மட்டும்தான் வேறு மாதிரியும் தெரியும். அந்த வருஷம் முதல் வகுப்பில் அதை நானே கரும்பலகையில் எழுதினேன். சராசரி மூன்று வகை. கூட்டி வகுப்பது ஒன்று. எண்களை வரிசையாக நிறுத்தி நட்டநடுவில் நிற்பதை எடுப்பது இரண்டு, அதற்கு இடைநிலை என்று பெயர். அடிக்கடி வருவதை எடுப்பது மூன்று. இடைநிலையை ஆங்கிலத்தில் மீடியன் என்பார்கள் என்று சொன்னதும், இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு நர்ஸ் கையைத் தூக்கினார்.

"மேடம், மீடியன்னா எங்களுக்குத் தெரிஞ்சது ஹைவேஸ்ல நடுவுல இருக்கற செவுருதான். அதுனால எங்க வூட்டுக்காரர் யூ-டர்ன் எடுக்க ரெண்டு கிலோமீட்டர் சுத்தறாரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அதேதான் சிஸ்டர். ரோட்டுல இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மார்க்குலயும் அப்படித்தான்" என்றேன். எங்கள் ஊரில் நர்ஸ்களை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், வயசு வித்தியாசம் பார்ப்பதில்லை. அவருக்கு முப்பத்தெட்டு இருக்கும், என்னைவிட நாலு வயசு கம்மி. முகத்தில் தூக்கக் கலக்கமும் வாயில் கிண்டலும் எப்போதும் சேர்ந்தே இருக்கும்.

அவருக்கு அந்தச் சான்றிதழ் ஏன் வேண்டும் என்று மூன்றாவது வாரம் தெரிந்தது. தொற்றுநோய்க் கணக்கெடுக்கும் பிரிவில் ஒரு நர்ஸ் இடம் காலியாகப் போகிறது. வார்டு வார்டாகப் போய் எண்ணிக்கை எடுத்து அட்டவணை போடும் வேலை. சம்பளம் அதேதான், ஆனால் பகல் டூட்டி மட்டும். என் வகுப்பில் அறுபது எடுத்தவர்கள்தான் மனுப் போடலாம். அவருடைய கணவர் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், அவருக்கும் ஷிப்ட். இருவருக்கும் ஒரே வாரம் நைட் வந்துவிட்டால், மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் மாடி வீட்டில் போய்ப் படுக்க வேண்டும்.

"அவங்க நல்லவங்கதான் மேடம். ஆனா இவ தலகாணியத் தூக்கினு படி ஏறும்போது திரும்பிப் பாக்க மாட்டா. அதான் ஒரு மாதிரியா இருக்கும்" என்றார்.

அப்படி ஒரு நாள் சொன்னதோடு சரி, அதன் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவர் ஏழு க்விஸில் நாலு, நைட் டூட்டி வாரத்தில் விழுந்தது. காலையில் டூட்டி முடித்து வீட்டுக்குப் போய்ச் சமைத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, இரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு வருவார். அந்த நாலு மார்க்கும் எட்டு, பத்து, பதினொன்று, பதினொன்று. பகல் டூட்டி வாரத்தில் எழுதிய முதல் இரண்டு க்விஸிலும் பத்தொன்பது. கடைசி க்விஸும் நைட் வாரத்தில்தான் வர வேண்டியது. அவர் தோழி ஒருவரிடம் கெஞ்சி டூட்டி மாற்றிக்கொண்டு, அதற்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் ராத்திரி டூட்டியைத் தான் வாங்கிக்கொண்டு, நன்றாகத் தூங்கி வந்து எழுதினார். இருபதுக்கு இருபது. விடைத்தாளை வாங்கியதும் அதைப் புகைப்படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பியதை நான் பார்த்தேன்.

அதே வாரம்தான் அந்த லேப் டெக்னீஷியன் என் அறைக்கு வந்தான். இருபத்தாறு வயசு, நல்ல பையன், கெட்டிக்காரன். நடுவில் இரண்டு க்விஸ் வரவில்லை, இரண்டுக்கும் பூஜ்யம். மஞ்சள் காமாலை. மருத்துவச் சான்று கொடுத்தால் அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்பது விதி. ஆனால் அவன் நாளெல்லாம் ரத்தம் சோதிக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு, ஆம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடம் போய்க் கீழாநெல்லி குடித்திருக்கிறான். அவர் எங்கே சான்று கொடுப்பார்?

"வெளிய சொன்னா லேப்ல கலாய்ச்சே கொன்னுடுவாங்க மேடம். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்" என்று தலையைச் சொறிந்தான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவன் மார்க்கைப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், பதினைந்து, பதினாறு, பதினாறு, பதினேழு, பதினெட்டு. கூட்டினால் எண்பத்திரண்டு. ஏழால் வகுத்தால் பன்னிரண்டுகூட வரவில்லை. அப்படியானால் நாற்பதுக்கு இருபத்து மூன்றரைக்குச் சற்றுக் கம்மி, கடைசித் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்று எடுத்தால்தான் பிழைப்பான். வராத இரண்டு நாளுக்காக, வந்த ஐந்து நாளும் கெடுகிறது. ஒருவனுடைய உண்மையான திறமையைக் காட்டாத கோணல் எண்கள் இருந்தால் இடைநிலையை எடுங்கள் என்று நான்தானே டாக்டர்களுக்கு ஓயாமல் சொல்கிறேன்? வரிசையில் நாலாவது எண் பதினாறு. அதை எடுத்தால் நாற்பதுக்கு முப்பத்திரண்டு. கடைசித் தேர்வில் நாற்பத்தேழு எடுத்தால் போதும்.

சான்று கேட்க வேண்டாம், விதியை மீற வேண்டாம், யாரிடமும் கையேந்த வேண்டாம். சொல்லை மாற்றினேன். எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோருக்கும் இடைநிலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். க்விஸ் எல்லாம் முடிந்த பிறகு கணக்கிடும் முறையை மாற்றுவதென்றால் பாடக்குழுவில் கேட்க வேண்டும். சராசரி என்றுதானே தாளில் இருக்கிறது, இடைநிலையும் ஒரு சராசரிதானே என்று அதையும் தாண்டிவிட்டேன். அந்தப் பத்தியில் இருபத்து மூன்று பேருக்கும் எண்கள் மாறின. நான் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தேன். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று மேலிருந்து கீழே ஒரு தடவை கண்ணை ஓட்டியிருந்தால் போதும். டாக்டர்கள் இப்படி ஒரு வேலையைச் செய்து கொண்டுவந்திருந்தால் அவர்களை நாறடித்திருப்பேன். எனக்கு அந்த விஷயத்தில் வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த சிஸ்டர் என்னை மாடிப்படிக்குக் கீழே பிடித்தார். நான் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். அவர் யூனிபார்மில் இருந்தார், டூட்டிக்குப் போகிற வழி.

"மேடம், ஒரே நிமிஷம். க்விஸ்ல என்னோட மார்க்குக்குச் சராசரி எடுப்பீங்கல்ல?"

"ஆமா சிஸ்டர்."

"மொத்தம் தொண்ணூத்தெட்டு, ஏழால வகுத்தா பதினாலு. அப்ப நாப்பதுக்கு இருபத்தெட்டு. ஃபைனல்ல அம்பத்துநாலு எடுத்தா அறுபது வந்துடும். சரிதானே மேடம்?"

வார்டில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் போனில் மருந்து சொன்னால், கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லி, "சரிதானே டாக்டர்?" என்று கேட்பார்கள். டாக்டர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் மருந்தைக் கையில் எடுப்பார்கள். அவர் என்னிடம் செய்ததும் அதுதான். எண்களோடு, ஒவ்வொரு படியாகத் திரும்பச் சொன்னார்.

நான் என்ன நினைத்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் முழுசாகப் பிடிபடவில்லை. சராசரி என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கோ ஒரு முள் குத்தியது நிஜம். இப்போது நின்று இடைநிலை என்று சொன்னால் ஏன், எதற்கு, எப்போது மாற்றினீர்கள் என்று கேள்வி வரும். ரயில் ஐந்து ஐம்பதுக்கு.

"சராசரிதான் சிஸ்டர். போய் நல்லா படிங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ரயிலைப் பிடித்தும் விட்டேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

அவர் ஐம்பத்து நாலுக்குத்தான் படித்தார். அதில் சோம்பல் எதுவும் இல்லை. நைட் டூட்டியும், வீடும், மகளுக்கு அரையாண்டுப் பரீட்சையும் ஒன்றாக வந்த வாரம் அது. எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி தூக்கத்தைக் குறைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று படித்து ஐம்பத்தெட்டு எடுத்தார். டெக்னீஷியன் ஐம்பத்திரண்டு.

ரிசல்ட் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நான்தான். டெக்னீஷியனுக்கு முப்பத்திரண்டும் முப்பத்தொன்று புள்ளி இரண்டும் சேர்ந்து அறுபத்து மூன்று புள்ளி இரண்டு. தேறிவிட்டான். சிஸ்டருக்குக் க்விஸில் இருபத்திரண்டு, தேர்வில் முப்பத்து நாலு புள்ளி எட்டு. மொத்தம் ஐம்பத்தாறு புள்ளி எட்டு. ஒட்டும்போதுகூட நான் கவனிக்கவில்லை. பசையைக் கையிலிருந்து கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் கதவைத் தட்டினார்.

வார்டில் நோயாளிகளின் காய்ச்சலைக் குறிக்கிற தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தொண்ணூற்றெட்டு, ஏழு, பதினாலு. எல்லாம் சரி.

"எனக்கு இருபத்தெட்டு வரணுமே மேடம். இருபத்திரண்டுன்னு போட்டிருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?"

நான் கணினியைத் திறந்தேன். அவருடைய ஏழு மார்க்கையும் வரிசைப்படுத்தினேன். எட்டு, பத்து, பதினொன்று, பதினொன்று, பத்தொன்பது, பத்தொன்பது, இருபது. நாலாவது பதினொன்று. அவருடைய நல்ல நாட்கள் மூன்று, தூங்காத நாட்கள் நாலு. இடைநிலை நாலு நாட்கள் இருக்கிற பக்கத்தில்தான் போய் நிற்கும். டூட்டியை மாற்றி, கிறிஸ்துமஸைக் கொடுத்து வாங்கிய அந்த இருபதுக்குப் பதிலாக அவர் பன்னிரண்டு எடுத்திருந்தாலும் இதே பதினொன்றுதான் வந்திருக்கும். எழுதாமல் வீட்டில் படுத்திருந்து பூஜ்யம் வாங்கியிருந்தாலும் அதே பதினொன்று. அவ்வளவுதான் அதன் மதிப்பு. வேறொரு வாரத்திலும் டூட்டி மாற்றி அதேபோல ஒரு பத்தொன்பது எடுத்திருந்தால் இடைநிலை ஒரே தாவாகப் பத்தொன்பதுக்குப் போயிருக்கும். அந்த விதி முன்னாலேயே தெரிந்திருந்தால் அவர் அதைச் செய்திருப்பார். தெரியாவிட்டாலும், கடைசித் தேர்வில் அறுபத்து நாலு வேண்டும் என்றாவது தெரிந்திருந்தால் அறுபத்து நாலுக்குப் படித்திருப்பார். மாடிப்படிக்குக் கீழே அவர் கேட்டது அதைத்தான்.

இதெல்லாம் எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மிஸ்டேக் இல்ல சிஸ்டர். மீடியன் எடுத்திருக்கோம்."

"நீங்க அன்னிக்குச் சராசரின்னு சொன்னீங்களே மேடம்?"

"மீடியனும் ஒரு சராசரிதான் சிஸ்டர். முதல் க்ளாஸ்லயே சொல்லியிருக்கேன். நோட்ல பாருங்க."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். முதல் பக்கம். சராசரி மூன்று வகை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில், ஹைவேஸ் சுவரை விளையாட்டாகச் சின்னதாக வரைந்திருந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டை மூடினார்.

"ஆமா மேடம். எழுதித்தான் இருக்கேன். நான்தான் சரியா கேட்டுக்கல. சாரி மேடம்."

நான் "பரவால்ல சிஸ்டர்" என்றேன்.

அவர் சாரி சொன்னார், நான் பரவாயில்லை என்றேன். இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. நான் செய்த தப்புக்கு அவரை மன்னிப்புக் கேட்க வைத்து, பெரிய மனசு பண்ணி அதை ஏற்றுக்கொண்டேன். அவர் அந்தப் பென்சில் தாளை நாலாக மடித்து யூனிபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். குப்பைத்தொட்டி என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அதில் போடவில்லை.

அன்றைக்கு வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். நாள் முழுக்கத் தோலை விரித்துப் பார்த்து இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று அடுக்குவது அவர் வேலை. எனக்குச் சாதகமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பையனின் காமாலைக் கதையைத்தான் முதலில் நீட்டி முழக்கினேன்.

"அந்தப் பையனுக்குச் சரி. அந்தம்மாவுக்கு இன்னா பண்ணே?" என்றார்.

"விதின்னு வந்தா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"தோலுல நடு முதுக மட்டும் தொட்டுப் பாத்தா எல்லாம் நல்ல தோலுதான். நான் அப்படிப் பிரிச்சா அன்னிக்கே வெளிய அனுப்பிடுவான். விரிச்சிப் போட்டு வயிறு, காலு எல்லாம் பாக்கணும். நீ விரிக்கவே இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. தோலும் மார்க்கும் ஒன்றா என்று கத்தினேன். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்கும் சேர்த்துக் கத்தினேன். மறுநாள் ரயிலில் உட்கார்ந்து இருபத்து மூன்று பேரையும் விரித்துப் பார்த்தேன். இருபத்தொரு பேருக்கு எந்தச் சராசரி எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவனுக்கு எட்டரை மார்க் ஏறியிருந்தது. ஒருவருக்கு ஆறு இறங்கியிருந்தது. கூட்டி வகுத்திருந்தால் அவர் அறுபத்திரண்டு புள்ளி எட்டோடு தேறியிருப்பார்.

அந்த ஆறு மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தது. அதுவும் சுலபமான வழி. இரண்டு சராசரியையும் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் எது கூடுதலோ அதைக் கொடுக்கலாம். பையனும் தேறுவான், சிஸ்டரும் தேறுவார். ரிசல்ட் ஒட்டி மூன்று நாளுக்குள் திருத்தம் கொடுக்கலாம் என்பது அலுவலக வழக்கம். ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் அந்தக் கடிதத்தில், க்விஸ் எல்லாம் முடிந்த பிறகு யாரையும் கேட்காமல் கணக்கிடும் முறையை மாற்றினேன் என்று எழுத வேண்டும். மாணவி நேரடியாகக் கேட்டபோது தவறாகப் பதில் சொன்னேன் என்று எழுத வேண்டும். பிறத்தியார் கணக்கில் தப்பு கண்டுபிடித்தே பேர் வாங்கினவள் நான்.

முதல் நாள் எழுதவில்லை. இரண்டாம் நாள் எழுதி, சேமித்து, அனுப்பவில்லை. மூன்றாம் நாள், கிளறினால் அந்தப் பையன் தேறினதும் போய்விடுமோ என்று அவன் பேரில் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை ஜெபம் சொன்னேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது, எனக்குள் பதினொன்று, பதினொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது. பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டது மட்டும்தான்.

எட்டாம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க், "லிஸ்ட்டு போன வெள்ளிக்கிழமையே நர்சிங் ஆபீசுக்குப் போயிடுச்சே மேடம். அந்த போஸ்ட்டுக்கு ஆளும் எடுத்துட்டாங்க. இப்ப குடுத்தா பேஜார்தான் ஆவும்" என்றார். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பாடக்குழுவில் என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சிஸ்டருடைய மார்க்கை மாற்ற முடியாது, அவர் விரும்பினால் அடுத்த வருஷம் மறுபடி சேரலாம் என்று முடிவு செய்தார்கள். அதை அவருக்குத் தெரிவித்த கடிதத்தில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வார்டு இரண்டு மாடி மேலே. நான் போகவில்லை. அதன் பிறகு அவரை எதிரே பார்த்தால் லிஃப்டுக்குள் புகுந்துகொள்வேன்.

அடுத்த வருஷம் வகுப்பு தொடங்கியது. பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. உள்ளே போனால் அவர் அதே இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதே நோட்டு, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். நான் மார்க் போடும் முறையை விளக்கினேன். ஏழு க்விஸ், அவற்றின் சராசரிக்கு நாற்பது என்று சொல்லும்போதே அவர் கை மேலே போனது.

"எந்தச் சராசரி மேடம்?"

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. மருந்து எத்தனை மில்லி என்று கேட்கிற குரல். புதிதாக வந்தவர்கள் என்ன கேள்வி இது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"கூட்டி ஏழால வகுக்கறது. மீடியனும் எடுப்பேன். ரெண்டுல எது ஜாஸ்தியோ அது உங்களுக்கு" என்றேன். கரும்பலகையிலும் எழுதினேன். எழுத்து மேலே ஏறிக்கொண்டே போனது.

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நோட்டைத் திறந்தபடி என் மேசைக்கு வந்தார். நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருந்தார்.

"இதுல ஒரு சைன் போடுங்க மேடம். வார்டுல டாக்டர் வாயால சொல்ற ஆர்டருக்கு நாங்க அப்புறம் சைன் வாங்கிடுவோம். இல்லாட்டி நாங்களே பண்ணதா ஆயிடும்."

"சிஸ்டர், போன வருஷம் தப்பு என்னோடது. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான்..."

"தெரியும் மேடம். அன்னிக்கு நோட்டப் பாத்தப்பவே தெரியும்" என்றார். பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"அப்ப ஏன் சிஸ்டர் சாரி சொன்னீங்க?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என் முன்னால் வைத்தார். அன்றைக்கும் அவருக்கு நைட் டூட்டி, போய்ச் சமைத்து வைத்துவிட்டு வர வேண்டும்.

"தேதியும் டைமும் போடுங்க மேடம்" என்றார்.